அழுகை நின்றால் ஆறியதாகுமா?

விடுதியில் ஒரு மாணவனுக்கு வீட்டிலிருந்து சாவுச் செய்தி வருகிறது. நாம் எல்லோரும் கூடி, கையில் இருந்த பணத்தைச் சேர்த்துக் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பி வைக்கிறோம். சில நாளில் அவன் திரும்பி வருகிறான். முதல் வாரத்தில் அவன் அழுதால், "பாவம், இருக்காதா?" என்கிறோம். நான்காம் வாரத்திலும் அழுதால், "இன்னுமா?" என்று முகம் சுளிக்கிறோம். அழுகை நின்றுவிட்டால், "தேறிவிட்டான்" என்று மகிழ்கிறோம். இந்த மூன்று தீர்ப்புகளுக்கும் நாம் கையில் எடுத்த அளவுகோல் ஒன்றே, அது கண்ணீர். அந்த அளவுகோல் பொய்யானது என்பதே என் கருத்து. நான்காம் வாரத்தில் அழுகிறவன் நலமாக இருக்கலாம். அழுகை நின்றவன் நோயில் வீழ்ந்திருக்கலாம்.

இழப்புக்குப் பின் வரும் துயரம் நோய் அன்று. அன்பு செலுத்திய மனம் அன்புக்கு உரியவரை இழந்தபின் படும் பாடு அது. மருத்துவர்கள் பெரும் மனச்சோர்வு என்று குறிப்பிடுவது வேறு ஒன்று. அது நோய், அதற்கு மருத்துவம் உண்டு, மருத்துவம் பெறாமல் விட்டால் சிலரை அது சாவு வரையிலும் கொண்டு செல்லும். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருப்பதுதான் தொல்லை. இரண்டிலும் உறக்கம் கெடும். இரண்டிலும் சோறு இறங்காது. இரண்டிலும் பாடம் மனத்தில் நில்லாது. வீட்டை விட்டு முதன்முறையாக வந்திருக்கும் முதலாண்டு மாணவருக்கு இவற்றைப் பிரித்து அறியச் சொல்லித் தரும் தாயோ பாட்டியோ அருகில் இல்லை. ஆகவே நாமே அறிந்திருக்க வேண்டும்.

நம்மில் பலர் பாலக்காட்டு எல்லையிலிருந்தும் இடுக்கி மலைகளிலிருந்தும் வந்தவர்கள். இழப்பு என்றவுடன் நம் நினைவுக்கு வரும் பெயர் பெட்டிமுடி. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த இராஜமலைப் பகுதியில், பெட்டிமுடியின் தேயிலைத் தோட்ட லயங்கள்மேல் மலை சரிந்து விழுந்தது. உறங்கிக் கொண்டிருந்த 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பகுதியில் வேர் கொண்டவர்கள் அவர்களுள் பலர். பல நாள் தேடியும் 4 பேருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. அன்று பள்ளிச் சிறுவர்களாக இருந்த அந்த மலைப் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்கு வரும் வயதினர். ஆகஸ்டு மாதம் மழை கொட்டும் இரவில் அவர்களுள் ஒருவர் விடுதி வராந்தாவில் தனியே நின்றால், அது நோய் என்று நாம் முடிவு கட்டலாகாது. ஆண்டுகள் பல ஆயினும் அந்த நாள் வரும்போது துயரம் வரும்; வந்து, தங்கி, போகும். அவ்வாறு வந்து போவதே துயரத்தின் முதல் இயல்பு.

இதை விளக்க இரண்டு மாணவர்களை உங்கள்முன் நிறுத்துகிறேன். இருவரும் நான் புனைந்தவர்கள். ஆனால் அவர்களிடம் காணும் குறிகள் எவையும் புனைந்தவை அல்ல. மருத்துவ நூல்கள் பதிந்து வைத்தவை.

முதல்வள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மாணவி. கல்லூரி திறந்து இரண்டு மாதத்தில் தாயை இழந்தாள். ஊர் அருகில் இருந்ததால் பதினாறாம் நாள் காரியம் வரையில் வீட்டிலேயே இருந்தாள். ஒப்பாரி வைத்தவர்களோடு சேர்ந்து அழுதாள். விடுதிக்குத் திரும்பியபின், தாய் நாள்தோறும் பேசும் இரவு எட்டு மணிக்கு அவளுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். யாருடைய தொலைபேசி மணி அடித்தாலும் கண் கலங்கும். அரை மணி நேரம் அழுவாள். பின்பு முகம் கழுவிக்கொண்டு தோழியரோடு சாப்பிட வருவாள். ஒருநாள் குழம்பில் உப்பு மிகுந்திருந்தது. "எங்கம்மா இருந்திருந்தா இந்தச் சமையற்காரருக்கு ஒரு பாடமே நடத்தியிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்த வாயோடே அழுதாள். "கடைசி வாரம் ஊருக்குப் போகாமல் விட்டேனே" என்ற வருத்தம் அவளைத் தின்றது. "அம்மாவோடவே போயிருக்கலாம்" என்றும் ஒருமுறை சொன்னாள். ஏழாம் வாரத்திலும் அவள் அழுதாள். ஆனால் நாளுக்கு நான்கு முறை வந்த அழுகை வாரத்துக்கு நான்கு முறை ஆகியிருந்தது.

இரண்டாமவன் மூணாற்று மேல் தோட்டத்துப் பையன். பாலக்காட்டில் படிக்கிறான். தந்தை மாரடைப்பால் இறந்தார். அவன் ஊருக்குப் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து மீண்டும் கேரளத்துக்குள் ஏற வேண்டும். தேர்வு நெருங்கியதால் நான்காம் நாளே திரும்பிவிட்டான். பதினாறாம் நாளுக்குப் போக முடியவில்லை. முதல் இரண்டு வாரம் அழுதான். மூன்றாம் வாரத்தில் அழுகை நின்றது. அறைத்தோழர்கள், "தேறிவிட்டான்" என்றனர். உண்மையில் அப்போதுதான் அவன் வீழத் தொடங்கினான்.

விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்வான். பின்பு உறக்கம் வராது. காலை வேளைதான் அவனுக்கு மிகக் கொடுமையாக இருந்தது. மாலையில் சிறிது இலேசாகும். முன்பு கேரம் பலகையை விட்டு எழாதவன் இப்போது அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தங்கை பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதல்வளாக வந்தாள் என்று செய்தி வந்தது. "சரி" என்றான், அவ்வளவுதான். நடையும் பேச்சும் மெதுவாயின. கேள்வி கேட்டால் விடை வருவதற்குள் கேட்டவர்களுக்கே பொறுமை போய்விடும். இடுப்பில் கால்சட்டை நழுவியது. ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் விரித்து வைத்திருப்பான். ஆறாம் வாரத்தில் மூத்த மாணவர் ஒருவர் அருகில் அமர்ந்து, "அப்பா நினைப்பாகவே இருக்கா தம்பி?" என்று கேட்டார். அவன் சொன்ன விடையை நன்றாகக் கவனியுங்கள். "அப்பா நினைப்புகூட வரலைண்ணே. எதுவுமே வரலை. நான் எதுக்கும் ஆகாதவன். எனக்குக் கட்டுற பணம் வீண். நான் இல்லேன்னா வீட்டுக்கு ஒரு செலவு குறையும்."

இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு நான்கு இடங்களில் புலப்படும்.

முதலாவது, துயரத்தின் நடை. மாணவியின் துயரம் அலைபோல வந்தது. எட்டு மணி, தொலைபேசி மணி, குழம்பின் சுவை என்று ஏதேனும் ஒன்று தாயை நினைவூட்டும்போது அலை எழுந்தது; பின்பு அடங்கியது. அலைக்கும் அலைக்கும் இடையில் அவளால் உண்ண முடிந்தது, சிரிக்கவும் முடிந்தது. நாள் செல்லச் செல்ல அலைகளின் இடைவெளி நீண்டது. மாணவனின் சோர்வு தேங்கிய குட்டை நீர் போன்றது. எதையும் நினைத்து அது வரவில்லை. எதனாலும் அது போகவில்லை. நாளின் பெரும்பகுதியும், ஏறத்தாழ எல்லா நாளும், அது அங்கேயே கிடந்தது.

இரண்டாவது, இன்பம் புகும் வழி. அன்பரை இழந்தவருக்கு உலகில் ஓர் இடம் வெறுமையாகிவிடுகிறது. ஆனால் மற்ற இடங்களில் வெளிச்சம் இருப்பதை அவர் அறிவார். ஆதலால்தான் தாயை நினைத்தே அவளால் சிரிக்க முடிந்தது. மனச்சோர்வு நோயில் இன்பம் வரும் வாயிலே அடைபட்டுவிடுகிறது. தங்கையின் வெற்றி மாணவனைத் தொடவில்லை. நாளை ஏதேனும் நல்லது வரும் என்று எதிர்பார்க்கவும் அவனால் இயலவில்லை. நண்பனின் நிலையை அறிய, "அழுகிறானா?" என்று பார்ப்பதைவிட, "நல்ல செய்தி அவனைத் தொடுகிறதா?" என்று பார்ப்பதே மேல்.

மூன்றாவது, குற்றம் சாட்டப்படுபவர் யார் என்பது. இதுவே நான்கிலும் கூர்மையானது. 1917ஆம் ஆண்டிலேயே பிராய்டு இதைச் சுட்டிக் காட்டினார். துயரத்தில் வறியதாகத் தோன்றுவது உலகம். நோயில் வறியதாகத் தோன்றுவது தன் உள்ளமே என்பது அவர் கருத்தின் சாரம். மாணவிக்கும் குற்றவுணர்ச்சி இருந்தது. ஆனால் அது தாயைப் பற்றியது. கடைசி வாரம் போகாமல் விட்ட ஒரு செயலைப் பற்றியது. தன்னையே அவள் பாழ் என்று எண்ணவில்லை. மாணவனோ தந்தைக்குத் தான் செய்யத் தவறியது எது என்று சொல்லவே இல்லை. 'நான் எதற்கும் ஆகாதவன்' என்று தன்னை முழுதுமாகத் தள்ளுபடி செய்துவிட்டான். புறநானூற்றில் தந்தையையும் குன்றையும் ஒருசேர இழந்த பாரி மகளிரின் பாட்டை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அதில் எவ்வளவு துயரம்! ஆயினும் அந்தப் பெண்கள் தம்மைத் தாமே இகழ்ந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாட்டு முழுதும் நிற்பது இழந்த பொருள். துயரம் என்பது அதுதான்.

நான்காவது, சாவைப் பற்றிய எண்ணம். இழந்தவர் மனத்தில் சாவு நினைவு வருவதுண்டு. "அம்மாவோடவே போயிருக்கலாம்" என்ற சொல்லில் இருப்பது தாயோடு சேர வேண்டும் என்னும் ஏக்கம். "நான் இல்லேன்னா ஒரு செலவு குறையும்" என்ற சொல்லில் இருப்பது, வாழத் தனக்குத் தகுதி இல்லை என்னும் முடிவு. பின்னதே நோயின் குரல். ஆனால் முன்னதையும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடலாகாது. "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" என்று இருவரிடமும் நேராகக் கேட்டுத்தான் தீர வேண்டும். அப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் பாரம் இறக்கியவரைப் போலப் பேசத் தொடங்குவார்.

இனி, மருத்துவர் கணக்கு எப்படி என்று பார்ப்போம். அவர்கள் ஒன்பது குறிகளைக் கொண்டு எண்ணுகிறார்கள். நாள் முழுதும் நீங்காத சோர்ந்த மனநிலை ஒன்று. எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமை மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்றேனும் கட்டாயம் இருக்க வேண்டும். பசி அல்லது எடை மாறுதல், உறக்கக் கேடு, நடையும் பேச்சும் மந்தமாதல் அல்லது இருப்புக் கொள்ளாத பதற்றம், அசதி, தன்னைப் பயனற்றவன் என எண்ணுதல், கவனம் நில்லாமை, சாவைப் பற்றிய எண்ணம் ஆகிய ஏழும் எஞ்சியவை. ஒன்பதில் ஐந்தாவது சேர்ந்து, 2 வாரமேனும் ஏறத்தாழ நாள்தோறும் இருந்து, படிப்பையோ பழக்கத்தையோ கெடுத்தால் அது பெரும் மனச்சோர்வு. தைராய்டுக் கோளாறு, மதுப் பழக்கம் போன்ற பிற காரணங்களால் இவை வரவில்லை என்பதையும் மருத்துவர் பார்த்துக்கொள்வார். நம் மாணவனை இந்தக் கணக்கில் நிறுத்துங்கள். ஆர்வமின்மை, எடைக் குறைவு, விடியற்காலை விழிப்பு, மந்த நடை, பயனற்றவன் என்ற எண்ணம், கவனமின்மை, சாவெண்ணம் என ஏழு குறிகள் நம் கண்ணுக்கே தெரிகின்றன. மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை அவை நீடித்துள்ளன. இதற்குமேல் காத்திருக்க ஒன்றும் இல்லை.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கைப்பேசியிலும் மருத்துவமனைகளிலும் ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று கிடைக்கிறது. விடைகளைக் கூட்டினால் 0 முதல் 27 வரை மதிப்பெண் வரும். தாயை இழந்த இரண்டாம் வாரத்தில் நம் மாணவி அந்தத் தாளை நிரப்பியிருந்தால் அவளுக்கும் உயர்ந்த மதிப்பெண்ணே வந்திருக்கும். உறக்கம் போனதா என்று தாள் கேட்கும். யாரை நினைத்துப் போனது என்று கேட்காது. ஆகவே தாள் மருத்துவரிடம் போகலாமா என்பதற்கு வழிகாட்டுமேயன்றித் தீர்ப்புச் சொல்லாது.

இந்த இடத்தில் மருத்துவ உலகிலேயே பெரும் வழக்கு ஒன்று நடந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட கையேட்டின் நான்காம் பதிப்பு, அன்பரை இழந்தவர்க்கு ஒரு விலக்கு அளித்திருந்தது. இறப்புக்குப் பின் 2 மாதம் வரையில் இக்குறிகள் இருந்தாலும், பயனற்றவன் என்ற எண்ணம், தற்கொலை நினைவு, மிகுந்த மந்தம் போன்ற கடுங்குறிகள் இல்லாவிடின் நோய் என்று சொல்ல வேண்டாம் என்றது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்த விலக்கை நீக்கியது. உடனே பலர் எதிர்த்தனர். அலென் பிரான்சிசு, ஜெரோம் வேக்பீல்டு போன்றோர், இயல்பான துயரத்துக்கு நோய் என்று பெயர் சூட்டி மாத்திரை கொடுக்கும் நிலை வரும் என்று எச்சரித்தனர். சிட்னி சிசூக், ரொனால்டு பைசு, கென்னத் கெண்ட்லர் போன்றோர், வேலை போனபின் வரும் மனச்சோர்வை நோய் என்று ஏற்கும் நாம், சாவுக்குப்பின் வரும் அதே நோயை மட்டும் ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்டனர். சிசூக்கும் ஷுக்டரும் கணவனையோ மனைவியையோ இழந்த 350 பேரை ஆராய்ந்து 1991இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இழப்புக்கு 2 மாதத்துக்குப் பின் அவர்களுள் 24 விழுக்காட்டினரிடமும், 13 மாதத்துக்குப் பின் 16 விழுக்காட்டினரிடமும் மனச்சோர்வுக் குறிகள் முழு அளவில் இருந்தன. நால்வரில் மூவருக்கு அது இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆயினும் நம் விடுதிகளைப் பார்க்கையில், விலக்கை நீக்கியவர்கள் பக்கமே நான் சாய்கிறேன். நம்மிடையே துயரத்தை நோயாக்கும் தவறு குறைவு. நோயைத் துயரமாக்கும் தவறே மிகுதி. "அப்பாவை இழந்தவன், அப்படித்தான் இருப்பான்" என்று நாம் சொல்லும் சொல் அன்பிலிருந்து வருகிறது. அந்த அன்பே அவன் மருத்துவரிடம் போகும் வழியை அடைத்து நிற்கிறது. காரணம் தெரிந்துவிட்டதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. மழையில் நனைந்ததனால்தான் காய்ச்சல் வந்தது என்று நாம் நம்பினாலும், காய்ச்சலுக்கு மருந்து வேண்டாம் என்று சொல்கிறோமா?

எதிர்த்தவர்களின் எச்சரிக்கையை நான் தள்ளவில்லை. அதை மாணவிக்கு உரியதாகக் கொள்கிறேன். அவளுக்கு மாத்திரை வேண்டியதில்லை. இரவு எட்டு மணிக்குப் பக்கத்தில் இருக்க ஒரு தோழி வேண்டும். 2016இல் கேத்தரின் ஷியர் குழுவினர் அமெரிக்காவில் 395 பேரிடம் நடத்திய ஆய்வு இந்த வேறுபாட்டுக்கு நல்ல சான்று. அவர்கள் எடுத்துக்கொண்டது நீண்டு இறுகிப்போன துயரம். அந்தத் துயரத்தைக் குறைத்தது அதற்கென்றே அமைந்த பேச்சு மருத்துவம்தான். மனச்சோர்வு மாத்திரையைச் சேர்த்தபோது துயரம் கூடுதலாகக் குறையவில்லை. ஆனால் பேச்சு மருத்துவத்தோடு மாத்திரையும் பெற்றவர்களிடம் மனச்சோர்வுக் குறிகள் கூடுதலாகக் குறைந்தன. மருந்தே இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது.

இறுகிப்போன துயரம் என்றேனே, அது என்ன? துயரமும் அன்று, மனச்சோர்வும் அன்று எனத்தக்க மூன்றாவது நிலை அது. ஆண்டொன்று கடந்தபின்னும் இறந்தவரைப் பற்றிய ஏக்கம் நாள்தோறும் அதே கூர்மையோடு நின்று, வாழ்க்கையை நகரவிடாமல் செய்தால் அதற்குத் தனிப் பெயர் தந்திருக்கிறார்கள். அமெரிக்கக் கையேட்டின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு பெரியவர்களுக்கு 12 மாதம் என்று எல்லை வைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியல் 6 மாதம் என்கிறது. அந்த வேற்றுமையே காட்டுவதுபோல, இந்த எல்லைகள் மனிதர் வகுத்தவை. ஊரின் வழக்கத்தையும் சேர்த்தே அவற்றைப் பார்க்க வேண்டும் என்று அந்நூல்களே சொல்கின்றன. பெட்டிமுடியில் உடல் கிடைக்காத நால்வரை இங்கு நினைத்துப் பாருங்கள். முகம் பார்த்து, பால் தெளித்து, மண் போட்டு முடித்த சாவுக்கு மனம் ஒரு முற்றுப்புள்ளி வைக்க முடியும். உடலே கிடைக்காதபோது, அறிவு இறந்தார் என்று சொன்னாலும் மனம் காத்துக்கொண்டே இருக்கும். பாலின் பாசு என்ற அறிஞர் இதைத் தெளிவற்ற இழப்பு என்று குறிப்பிட்டு ஆராய்ந்தார். அத்தகையோரின் துயரம் நீளுமானால் அவர்கள் மனவலிமையைக் குறை கூறுவது அறியாமை. இழப்பின் தன்மையே அப்படி.

இங்கு நம் எல்லைப்புறத்துக்கே உரிய ஓர் இடையூறும் உண்டு. அது மொழி. மலையாளத்தில் விஷமம் என்றால் துன்பம். தமிழில் விஷமம் என்றால் குறும்பு. மலையாளத்தில் சங்கடம் என்றால் துயரம். நம் பேச்சில் சங்கடம் என்றால் தர்மசங்கடம்வரை எத்தனையோ சின்னத் தொல்லைகள். மருத்துவர், "விஷமம் உண்டோ?" என்று கேட்க, மலைநாட்டுப் பையன் ஒன்றும் விளங்காமல் "இல்லை" என்று தலையாட்டிவிட்டு வரக்கூடும். மறுபுறம், நம் மக்கள் மனச்சோர்வை மனச்சோர்வு என்று சொல்வதில்லை. "நெஞ்சு அடைக்குது, உடம்பு அசதியா இருக்கு, தலை பாரமா இருக்கு" என்று உடம்பின்மேல் வைத்தே சொல்வார்கள். கேட்பவர் சத்து மாத்திரை எழுதித் தந்து அனுப்பிவிடலாம். ஆதலால் மருத்துவரிடம் போகும்போது சொற்களை நம்பாமல் நிகழ்ச்சிகளைச் சொல்லுங்கள். "மூன்று வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிக்கிறேன். விளையாட்டை விட்டு ஒரு மாதம் ஆயிற்று. கால்சட்டை நழுவுகிறது. நான் எதற்கும் ஆகாதவன் என்று நாள்தோறும் தோன்றுகிறது. அப்பா இறந்து ஆறு வாரம்." இந்த ஐந்து வாக்கியங்கள் எந்த மொழியில் பெயர்த்தாலும் பொருள் மாறா. முன்பு எப்போதேனும் உறக்கமே இல்லாமல் பல நாள் எல்லை மீறிய ஊக்கத்தோடு திரிந்ததுண்டானால் அதையும் மறவாமல் சொல்ல வேண்டும். அப்போது மருத்துவமே வேறுபடும்.

தமிழிலேயே பேச விரும்புவோர் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழும் மலையாளமும் அதில் உண்டு.

எப்போது காத்திருக்கலாம், எப்போது காத்திருக்கக் கூடாது? அலை அலையாக வந்து, இடைவெளி நீண்டு வருமானால் காத்திருக்கலாம். துணையாக இருந்தால் போதும். குட்டை நீராகத் தேங்கி 2 வாரம் கடந்துவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். உண்ணாமை, எழுந்திருக்கவும் மாட்டாமை, தன்னைப் பயனற்றவன் என்று சொல்லுதல், சாவைப் பற்றித் திட்டமிடுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் 2 வாரக் கணக்கையும் பார்க்க வேண்டாம். அன்றே அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கினால், அந்த ஒரு சத்தியத்தை மீறுவதே நட்பு.

மூத்த மாணவர் அன்றே அந்தப் பையனை அழைத்துச் சென்றார் என்று வைத்துக்கொள்வோம். மருந்து தொடங்கினால் அதன் பயன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். முதலில் உறக்கம் திரும்பும்; பின்பு பசி. ஒருநாள் அவன் கேரம் பலகையின் அருகே வந்து நிற்பான். அதற்குச் சில நாள் கழித்து ஒரு மாலையில், தந்தையின் பழைய கம்பளி மேற்சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றாம் வாரத்தில் நின்றுபோன அழுகையை மீண்டும் அழக்கூடும். அறைத்தோழர்கள் அஞ்சி ஓடி வருவார்கள். அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: நண்பர்களே, அஞ்சாதீர்கள். நோய் விலகுகிறது, இப்போதுதான் அவன் தன் தந்தைக்காக அழுகிறான். பக்கத்தில் உட்காருங்கள்.